கால்காணி நிலம் உள்ளவருக்கும் ஓர் உயில் வேண்டும்

1938-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே ஒரு மகள். ஆண் வாரிசு இல்லை. அவர் உயில் எழுதாமல் காலமானார். மகளும் குழந்தையில்லாமல் 1967-இல் இறந்துபோனார். அந்த நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு இறுதி விடை 2022 ஜனவரி 20-ஆம் தேதிதான் கிடைத்தது. அதைக் கூறியது டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம்.

சட்டப் புத்தகங்களில் 'அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி' என்று பதிவாகியுள்ள வழக்கு இது. நிலம் வாங்கியவருக்கு ஒரு தம்பி இருந்தார். அந்தத் தம்பிக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும். நிலம் கடைசியில் தம்பி மகன் வழியிலேயே நின்றுவிட்டது. 'எங்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு உண்டு' என்று தம்பி மகள்களில் ஒருவர் 1991-இல் வழக்குத் தொடுத்தார். வழக்கில் முதல் சண்டையே நிலம் வாங்கியவர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதுதான். ஒரு தரப்பு 1949 என்றது, மறு தரப்பு 1957 என்றது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததால் இந்த எட்டு ஆண்டு வித்தியாசம் பெரிதாகிவிட்டது. கீழ் நீதிமன்றம் 1994-இல் வழக்கைத் தள்ளியது. உயர் நீதிமன்றமும் 2009-இல் அதையே உறுதி செய்தது. அதற்கும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாற்றியது. ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய சொத்து, அவர் 1956-க்கு முன்பே இறந்திருந்தாலும், மகளுக்கே சேரும். மகள் குழந்தையின்றி 1967-இல் இறந்ததால், தகப்பன் வழியில் வந்த அந்தச் சொத்து தகப்பனுடைய வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே தம்பி பிள்ளைகள் ஐவருக்கும் சமபங்கு உண்டு. இதுவே தீர்ப்பின் சாரம்.

சட்டம் தெளிவானதில் பலருக்கு நன்மைதான். ஆனால் வழக்கு தொடங்கியதிலிருந்து முடியும்வரை 31 ஆண்டுகள். தகப்பனோ மகளோ இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை எழுந்தே இருக்கமாட்டா.

'நமக்கென்ன மிட்டாமிராசு சொத்தா இருக்கிறது, உயில் எழுத?' என்று ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு, ஓமலூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகள் பலர் சொல்வதுண்டு. உண்மையில் நிலம் குறையக் குறையத்தான் உயிலின் தேவை கூடுகிறது. ஐம்பது ஏக்கரை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் வெள்ளாமை செய்யலாம். ஒன்றேகால் ஏக்கரை ஐந்தாகப் பிரித்தால் வரப்புக்கும் தடத்துக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்?

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரு குடும்பத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். 1985-இல் பெரியவர் தம் உழைப்பில் கிரயம் வாங்கிய தோட்டம் 1 ஏக்கர் 20 சென்ட். பாட்டன் வழியில் வந்து, பாகப்பிரிவினையில் இவர் பங்குக்கு விழுந்த பூர்வீகக் காடு 2 ஏக்கர். தாமே வாங்கிய மனையில் கட்டிய ஓட்டு வீடு ஒன்று. பொதுக் கிணற்றில் நான்கில் ஒரு பங்கு. பெரிய மகன் வெளியூரில் லாரித் தொழிலில் இருக்கிறார். சின்ன மகன்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். மகள் பக்கத்து வட்டத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்.

பெரியவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் சமமாகப் போகும். 1 ஏக்கர் 20 சென்ட் தோட்டத்தில் ஆளுக்கு 30 சென்ட். வீட்டில் கால் பங்கு, கிணற்றுப் பங்கிலும் கால் பங்கு, அதாவது முழுக் கிணற்றில் பதினாறில் ஒன்று. பதினாறில் ஒரு பங்குக் கிணற்றுக்கு முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது எப்படி என்று சட்டம் சொல்லாது.

பெரியவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அப்போது நால்வர் ஐவராகி ஆளுக்கு 24 சென்ட் ஆகிறது. பிறகு அந்தத் தாயாரும் உயிலின்றிக் காலமானால், அவருடைய 24 சென்ட் அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது பெரியவரின் அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும், பெரியவர் வியர்வை சிந்தி வாங்கிய தோட்டத்தில் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். யாரும் பேராசைப்பட்டு இது நடப்பதில்லை. சட்டம் தானாகவே அப்படிக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. தகப்பனாருக்கு முன்பே ஒரு மகன் இறந்திருந்தால், அந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து அவன் பங்கைப் பெறுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

உயில்களில் மிக அதிகமாக நேரும் பிழை, தமக்கு இல்லாததை எழுதிவிடுவது. நம் குடும்பத்துப் பெரியவர் '3 ஏக்கர் 20 சென்ட்டும் சின்ன மகனுக்கு' என்று எழுதினால் அது முழுமையாகச் செல்லாது. 1 ஏக்கர் 20 சென்ட் அவருடைய சுயார்ஜிதம். அதை அவர் இஷ்டம்போல் யாருக்கும் எழுதலாம். 2 ஏக்கர் பூர்வீகத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பாத்தியதை உண்டு. முன்பு இது மகன்களுக்கு மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு இதைக் கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் இது தொடாது.

ஆகவே 2 ஏக்கர் பூர்வீகத்தில் தகப்பன், இரு மகன்கள், மகள் என நான்கு பங்கு. ஆளுக்கு 50 சென்ட். பெரியவர் உயிலில் எழுத முடிந்தது தம்முடைய அந்த 50 சென்ட் மட்டுமே. பூர்வீகத்தில் தமக்குள்ள பங்கை உயில் எழுதலாம் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதி தந்திருக்கிறது. 'பூர்வீகத்துக்கு உயிலே எழுத முடியாது' என்று சொல்வது சரியல்ல.

தகப்பனாரிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் என்றும் கொள்ளக்கூடாது. தகப்பனார் தாமே கிரயம் வாங்கி, 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்து, அதில் மகனுக்கு வந்த பங்கு அந்த மகனுடைய தனிச் சொத்துதான். பேரப்பிள்ளைகளுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. எது எந்த வகை என்பது மூலப் பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். இந்த இடத்தில் மட்டும் ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிக் கேட்டுக்கொள்வதற்கு ஆகும் செலவு வீண் செலவல்ல.

வங்கிப் பணம், தபால் ஆபீஸ் சேமிப்பு, இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு 'நாமினி' போட்டிருக்கிறதே, உயில் எதற்கு என்று கேட்கலாம். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், உரிமையாளர் அல்லர். ஆயுள் இன்சூரன்ஸ் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 1983-இல் சர்பதி தேவி வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது, ஆனால் 2015-இல் திருத்தப்பட்ட இன்சூரன்ஸ் சட்டப்படி பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களே அந்தப் பணத்துக்கு உரியவர்கள். நாமினியும் உயிலும் ஒரே பெயரில் இருப்பது நல்லது. மாறுபட்டால் சங்கடம்.

நிலத்தைச் சரியாக அடையாளம் காட்டுதல்

உயில் எழுத உட்காருவதற்கு முன் பத்திரம், பட்டா, சிட்டா ஆகியவற்றை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகளுக்கென்றே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி முதல் தேதிதான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய கிரயப் பத்திரங்களில் எல்லாம் 'சேலம் மாவட்டம்' என்றே இருக்கும். உயிலில் இன்றைய மாவட்டம், வட்டம் எழுதி, பழைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரையும் பத்திரத்தில் உள்ளபடியே சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில அளவையின்போது பல கிராமங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. பத்திரத்தில் ஒரு சர்வே நம்பர், பட்டாவில் வேறொரு நம்பர் இருப்பது சாதாரணம். உயிலில் இரண்டையும் எழுத வேண்டும். பழைய நம்பரை மட்டும் எழுதிய உயிலைக் கொண்டுபோய்ப் பட்டா மாற்றக் கேட்டால் அது எந்த நிலம் என்ற கேள்வி வரும். இன்றைய பட்டாவில் உள்ள எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடமோ eservices.tn.gov.in என்ற இணையத்தளத்திலோ பார்த்துக்கொள்ளலாம். பட்டாவில் பரப்பளவு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பத்திரத்தின் ஏக்கர் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டு கணக்கையும் எழுதுவது நல்லது.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் 'என் பங்கு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது. எந்தப் பக்கத்துத் துண்டு தம் அனுபவத்தில் இருக்கிறது என்பதை நான்கு எல்லைகளோடு எழுத வேண்டும். பத்திரங்களில் செக்குபந்தி என்று இதைத்தான் சொல்வார்கள். கிழக்கே இன்னார் காடு, மேற்கே வண்டித்தடம், வடக்கே ஓடை என்று அண்டை நிலத்தைப் பெயர் சொல்லிக் காட்டினால், பிற்காலத்தில் நம்பர் தவறினாலும் நிலம் தவறாது.

கிணறும் தடமும் மறக்கப்படுகின்றன. மானாவாரிக் காடாக இருந்தால் பரவாயில்லை. தோட்டத்தை எழுதிவிட்டுத் தண்ணீரை எழுதாவிட்டால், வாங்குகிறவருக்குக் கிடைப்பது வெறும் மண். கிணறு எந்த சர்வே நம்பரில் இருக்கிறது, அதில் தமக்கு எத்தனையில் ஒரு பங்கு, முறை எத்தனை நாளைக்கு ஒருமுறை, மோட்டாரும் மின் சர்வீஸும் யார் பெயரில் இருக்கின்றன, சர்வீஸ் நம்பர் என்ன, குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் உயிலில் இடம்பெற வேண்டியவை. ஒரு துண்டு இன்னொரு துண்டுக்குப் பின்னால் இருந்தால், முன்துண்டின் எந்த ஓரமாக எத்தனை அடி அகலத்தில் தடம் விடுவது என்பதையும் எழுதியாக வேண்டும். டிராக்டரும் அறுவடை வண்டியும் போக வேண்டிய காலம் இது. தாத்தா காலத்துக் கட்டைவண்டித் தடம் இன்றைக்குப் போதாது.

பெரியவரின் உயில்

நம் பெரியவர் குடும்பத்தாரோடு கலந்து பேசி இப்படி முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடும் வங்கியில் உள்ள பணமும் மனைவிக்கு. கிரயத் தோட்டத்தில் கிணற்றை ஒட்டிய 80 சென்ட் சின்ன மகனுக்கு. மீதி 40 சென்ட் மகளுக்கு. பூர்வீகத்தில் தம்முடைய 50 சென்ட் பங்கு பெரிய மகனுக்கு. பூர்வீகத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே தலைக்கு 50 சென்ட் இருப்பதால், மொத்தத்தில் பெரியவனுக்கு 1 ஏக்கர், சின்னவனுக்கு 1 ஏக்கர் 30 சென்ட், மகளுக்கு 90 சென்ட் என்று அமையும். உயில் இல்லாவிட்டால் மூவருக்கும் தலைக்கு 92½ சென்ட்டும் தாயாருக்கு 42½ சென்ட்டும் என்று எல்லாத் துண்டும் சிதறிப் போயிருக்கும்.

இதற்கு முத்திரைத் தாள் தேவையில்லை. உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது. வெள்ளைத் தாளில் கையால் எழுதலாம், டைப் செய்தும் கொள்ளலாம். வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

'இன்ன ஆண்டு, மாதம், தேதியில், நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் வட்டம், இன்ன கிராமம், இன்ன கதவு எண்ணில் வசிக்கும், இன்னார் மகன், வயது 68, இன்னார் ஆகிய நான் நல்ல நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதி வைக்கும் உயில். இதற்கு முன் நான் எழுதிய உயில் ஏதேனும் இருந்தால் அதை இதனால் ரத்து செய்கிறேன். என் ஆயுள் வரை கீழ்க்கண்ட சொத்துகள் அனைத்தும் என் அனுபவத்திலேயே இருக்கும். என் காலத்துக்குப் பின், முதல் அயிட்ட வீட்டையும் என் வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையும் என் மனைவி இன்னார் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது. இரண்டாம் அயிட்டத்தில் கிழபுறம் 80 சென்ட்டை என் இளைய மகன் இன்னாரும், மேல்புறம் 40 சென்ட்டை என் மகள் இன்னாரும் அடைய வேண்டியது. கிணற்றில் எனக்குள்ள நான்கில் ஒரு பங்கை, என் முறை நாளில் இளைய மகன் இரண்டு பாகமும் மகள் ஒரு பாகமுமாக அனுபவிக்க வேண்டியது. கிழபுறத் துண்டின் தெற்கு ஓரமாய்ப் பன்னிரண்டு அடி அகலத்தில் மகள் துண்டுக்குத் தடமும் குழாய் போக வழியும் உண்டு. மூன்றாம் அயிட்டப் பூர்வீகத்தில் எனக்குள்ள பங்கை என் மூத்த மகன் இன்னார் அடைய வேண்டியது. கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குள்ள பயிர்க் கடனை மூன்று பிள்ளைகளும் சமமாய்த் தீர்க்க வேண்டியது.'

இதன் கீழே சொத்து விவரம், அதற்குக் கீழே எழுதியவர் கையெழுத்து, பிறகு சாட்சிகள். அவ்வளவுதான்.

கடன் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்தவரின் கடன் அவருடைய சொத்திலிருந்து முதலில் தீர வேண்டும். யார் தீர்ப்பது என்று எழுதாவிட்டால் அடமானத்தில் இருக்கிற பத்திரத்தை மீட்பதிலேயே சண்டை தொடங்கிவிடும். சங்கத்தில் அடகு வைத்த நகை இருந்தால் அதையும் குறிப்பிடலாம்.

மனைவிக்கு எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் தேவை. 'ஆயுள் வரை அனுபவித்து, அவருக்குப் பின் இன்ன மகனுக்கு' என்று எழுதுவது நம் பக்கத்தில் பழக்கம். இப்படி எழுதலாம். ஆனால் அதே உயிலில் 'சர்வ சுதந்திரமாய்' என்றும் எழுதிவிட்டால் ஒன்றுக்கொன்று முரணாகிவிடும். மேலும், மனைவியின் ஜீவனாம்சத்துக்காகக் கொடுத்த சொத்து, ஆயுள் உரிமை என்று எழுதியிருந்தாலும் முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைக் கொண்டு பிற்காலத்தில் வழக்கு வளர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே மனைவிக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு, அவர் தம் உயிலைத் தாமே தனித் தாளில் எழுதிக்கொள்வது எளிய வழி. அவர் எழுதாவிட்டால் அந்த வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும்.

இரண்டு சாட்சிகள்

உயில் செல்லுபடியாகச் சட்டம் கேட்பது மிகச் சிறிது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அவர் இடுவதை இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்க வேண்டும். பிறகு அந்த இருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். மூவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்டுவிடுவதே வம்பில்லாத வழி. பல பக்கம் இருந்தால் எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் போடட்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கேயும் மூவரும் போட வேண்டும்.

உயில்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்கும்போது சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை அழைத்தே ஆக வேண்டும். பதிவு செய்த உயிலானாலும் இதில் விலக்கில்லை. எனவே எழுதுகிறவரைவிட வயதில் இளையவரும், ஊரைவிட்டுப் போகாதவருமாகச் சாட்சி பார்க்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவர் தம்மோடு திண்ணையில் உட்காரும் இரண்டு எழுபது வயதுக்காரர்களைச் சாட்சி வைத்தால் என்ன பயன்? இருவரும் முன்பே போய்விட்டால், கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆள் தேடி அலைய வேண்டும். சொத்து பெறுகிற மகனோ, அவன் மனைவியோ, மாமனாரோ சாட்சியாக இருக்கக்கூடாது. இந்துக்களைப் பொறுத்தவரை அதனால் மட்டுமே உயில் கெட்டுவிடாது என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தர் தம் பெயரை 'எழுதியவர்' என்று போட்டால் அது சாட்சிக் கையெழுத்து ஆகாது.

சந்தேகம் என்பது உயில் வழக்கில் பெரிய சொல். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் நிற்கிறது. உயிலால் லாபம் அடைகிறவரே முன்னின்று எழுதச் செய்திருந்தாலோ, எழுதியவர் நோயில் தளர்ந்திருந்தாலோ, பெண்டு பிள்ளைகளைக் காரணமின்றி விட்டிருந்தாலோ, அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவர் தலையில் விழும். ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ கொடுக்காமலோ எழுதினால் காரணத்தை ஒரு வரி எழுதிவிட வேண்டும். 'மூத்த மகனுக்கு லாரி வாங்க முன்பே பணம் கொடுத்துவிட்டேன்' என்ற ஒரு வாக்கியம் நீதிமன்றத்தில் பெரிய பலம். கைநாட்டு வைப்பவரானால், 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டார்' என்ற வரியும் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வாரத்தில் எழுதுவதைவிட, மாடு கட்டி ஏர் ஓட்டும் தெம்பு இருக்கும்போதே எழுதுவது மேல்.

பதிவும் பாதுகாப்பும்

உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்வது நல்லது. சார்பதிவாளர் முன்னிலையில் போட்டோவும் கைரேகையும் எடுக்கப்படுவதால் 'அவர் கையெழுத்தே அல்ல' என்ற வாதம் பலவீனமாகிவிடும். அசல் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நடக்க முடியாதவர் விண்ணப்பித்தால் அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் வழி உண்டு.

பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன. அவை வில்லங்கச் சான்றில் வருவதில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கொடுப்பார்கள். இதில் ஒரு இடைஞ்சலும் உண்டு. வில்லங்கம் போட்டுப் பார்த்து உயில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உயில் எங்கே இருக்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டு பதிவானது என்பதை நம்பகமான இருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பதிவு செய்த பழைய உயிலைப் பதிவு செய்யாத புதிய உயிலும் ரத்து செய்யும். உயில் எழுதிய பிறகு அந்த நிலத்தை விற்றுவிட்டால், அந்த வரி தானே செயலற்றுப் போகும். இந்த வகையில் உயிலும் தான செட்டில்மெண்டும் வேறு வேறு. செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். நினைத்தபோது திரும்ப எழுதிக்கொள்ள முடியாது. 'பின்னால் செலவு குறையும்' என்று சொல்லி இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதச் சொல்லும் யோசனைக்கு, தமக்கென்று வேறு வருமானம் இல்லாதவர்கள் இணங்கக்கூடாது.

மேலே கூறிய பங்குக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு உரியது. முஸ்லிம் ஒருவர் பொதுவாகத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் தம் சொத்து முழுவதையும் எழுதலாம். ஆனால் உயிலுக்குப் பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும்.

பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். இறப்புச் சான்று, உயில், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டத்து நிலத்துக்கு, இங்கேயே எழுதிய உயிலுக்கு, நீதிமன்றத்தில் 'புரோபேட்' வாங்க வேண்டியதில்லை. மற்ற வாரிசுகளிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை வாங்கிச் சேர்த்தால் வேலை விரைவில் முடியும். யாராவது ஆட்சேபித்தால் உயில் உண்மையா பொய்யா என்று வட்டாட்சியர் தீர்ப்பளிக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். பட்டா மாறியதும் மின் சர்வீஸைப் புதிய பெயருக்கு மாற்ற, உயில் நகலோடும் கிணற்றின் மற்றப் பங்குதாரர்களின் சம்மதத்தோடும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.